ஆன்டாசிட் மாத்திரையை மென்றதும் ஏப்பம் வருவது ஏன்?

*“நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் மாத்திரை மென்றால் எரிச்சல் அடங்குகிறது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே ஏப்பமாக வருகிறது. அமிலம்தான் காற்றாக மாறுகிறதா? வயிற்றில் கடைசியில் என்ன மிஞ்சும்?”*

அந்தக் காற்று மாத்திரையிலிருந்து வருவது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கால்சியம் கார்பனேட் என்று போட்டிருக்கும். வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் நடப்பது இது:

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

அமிலத்தின் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜனைக் கார்பனேட் பிடித்துக்கொள்கிறது. அப்படி உருவாகும் கார்பானிக் அமிலம் நிலைக்காது; உடனே தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைந்துவிடும். மீந்த கால்சியமும் குளோரைடும் சேர்ந்தது கால்சியம் குளோரைடு என்ற உப்பு. நடுநிலையாக்கல் என்றாலே உப்பும் தண்ணீரும்தான். வாயு வருவது கார்பனேட், பைகார்பனேட் வகைகளில் மட்டும். (சோடியம் பைகார்பனேட் சாப்பிட்டால் மிஞ்சும் உப்பு, நிஜமாகவே சமையல் உப்பு!)

500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் உள்ள ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக வினைபுரிந்தால் சுமார் 365 மில்லிகிராம் அமிலத்தைத் தீர்த்துக்கட்டும். கிடைப்பது 555 மில்லிகிராம் கால்சியம் குளோரைடு, 90 மில்லிகிராம் தண்ணீர், 220 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு. கடைசியாகச் சொன்னது எடையில் அற்பம்தான். ஆனால் உடல் சூட்டில் அது விரிந்து ஏறக்குறைய 125 மில்லி இடத்தை அடைக்கும். உங்கள் ஏப்பம் அதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மாத்திரையை முழுசாக வினிகரில் போடுங்கள், இன்னொன்றைப் பொடித்துப் போடுங்கள். பொடி சட்டென்று நுரைக்கும். முழு மாத்திரை மேற்பரப்பில் மட்டும் மெதுவாகக் குமிழி விடும். மெல்லும் மாத்திரையை விழுங்காமல் மெல்லச் சொல்வது இதற்காகத்தான்.

ஏப்பம் தொல்லையாக இருந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த வகையை மருந்தாளுநரிடம் கேளுங்கள். இவை உப்பையும் தண்ணீரையும் மட்டுமே தரும், வாயு கிடையாது. மெக்னீசியம் பேதியாக்கும், அலுமினியம் மலத்தை இறுக்கும்; ஒன்றை ஒன்று ஈடுகட்டத்தான் இரண்டையும் கலக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. மாத்திரை ஏற்கெனவே சுரந்த அமிலத்தைத்தான் தீர்க்கும், சுரப்பதை நிறுத்தாது. வெறும் வயிற்றில் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். சாப்பிட்ட பிறகு எடுத்தால் இன்னும் கூடுதல் நேரம் தாங்கும். இரண்டு வாரமாகத் தினமும் தேவைப்படுகிறது, விழுங்கும்போது அடைக்கிறது, அல்லது மலம் கறுப்பாகப் போகிறது என்றால், அது மாத்திரையால் தீரும் விஷயமல்ல, டாக்டரிடம் காட்டுங்கள்.