கேப்ஷன் கடைசியில் #ad போட்டால் போதுமா?

கேள்வி: நேரு வீதியில இருக்கிற ஒரு மொபைல் ஆக்சஸரீஸ் கடைக்காக 45 செகண்ட் ரீல் எடுக்கறேன். 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் ஒண்ணு ஃப்ரீயா கொடுத்தாங்க, 4,000 ரூபாயும் தர்றாங்க. என் கூப்பன் கோட்ல யாராவது வாங்கினா கமிஷனும் உண்டு. கேப்ஷன் கடைசியில #ad போட்டா போதுமா, இல்ல வேற எப்படி எழுதணும்? நான் கடலூர்க்காரன், கடை பாண்டியில.

பதில்:

போதாது. "விளம்பரம்" என்ற சொல் கேப்ஷனின் முதல் சொல்லாக இருக்க வேண்டும். ரீலில் கேப்ஷன் ஒரு வரிக்கே மடிந்துவிடும், மீதியைப் பார்க்க "more" தொட வேண்டும். பெரும்பாலானவர்கள் தொடுவதில்லை. பதினைந்து ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் நிற்கும் #ad யார் கண்ணிலும் படாது. விளம்பரத் துறை தனக்குத்தானே அமைத்துக்கொண்ட ஆஸ்கி அமைப்பின் 2021 விதிகளும் இதையே சொல்கின்றன: அறிவிப்பு முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும், மடிப்புக்குப் பின்னாலோ ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ளோ இருக்கக் கூடாது. பயோவில் ஒருமுறை "கொலாபுக்கு டிஎம் பண்ணவும்" என்று எழுதி வைப்பதும் கணக்கில் வராது.

மொழியும் முக்கியம். மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அதே மொழியில் அறிவிக்கச் சொல்கிறது. தமிழில் பேசும் ரீலுக்கு "விளம்பரம்" என்ற தமிழ்ச் சொல்தான் சரி. #sp, #collab போன்ற சுருக்கங்களையும் "கடைக்கு நன்றி" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். நன்றி என்று படிப்பவருக்குப் பணம் கைமாறியது தெரியாது. நண்பர் கடையைச் சொல்கிறீர்கள் என்றே நினைப்பார்.

பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

"பாண்டி பீச்ல சாயந்திரம் நடக்கறப்போ போன் செத்துடுதா? இதோ தீர்வு! இந்தக் குட்டி பவர் பேங்க் சூப்பர். என் கோட் போட்டா 10% தள்ளுபடி. கடைக்கு நன்றி! #pondy #powerbank #reels #ad"

இதையே இப்படி மாற்றுங்கள்:

"விளம்பரம். கடை எனக்குப் பணமும் இந்தப் பவர் பேங்கும் கொடுத்தது.
பாண்டி பீச்ல சாயந்திரம் நடக்கறப்போ போன் செத்துடுதா? இதைப் பையில போட்டுக்கங்க.
என் கோட் போட்டு வாங்கினா உங்களுக்கு 10% தள்ளுபடி, எனக்குக் கமிஷன்."

முதல் வரியில் கடையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 4,000 என்ற தொகையைச் சொல்லத் தேவையில்லை. என்ன வகையான ஆதாயம் என்பது தெரிந்தால் போதும். கமிஷனைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உங்களுக்குத் தள்ளுபடி" என்று மட்டும் எழுதினால் நீங்கள் பேரம் பேசி வாங்கித் தந்தது போல் இருக்கும். ஒவ்வொரு விற்பனையிலும் உங்களுக்குப் பங்கு வருவது மறைந்துவிடும். பணமே இல்லாமல் பவர் பேங்க் மட்டும் இலவசமாக வந்திருந்தாலும் அறிவிப்பு கட்டாயம், ஏனென்றால் இலவசப் பொருளும் ஆதாயம்தான்.

கேப்ஷன் சரியாக இருந்தாலும் வேலை முடியாது. யாராவது அந்த ரீலை ஸ்டோரியில் பகிர்ந்தாலோ, இறக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலோ கேப்ஷன் கூடப் போகாது. அதனால் வீடியோவின் மேலேயே "விளம்பரம்" என்று எழுத வேண்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு ஆஸ்கி அளவு வைத்திருக்கிறது: 15 நொடிக்குள் முடியும் வீடியோவில் குறைந்தது 3 நொடி, அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 45 நொடி ரீலுக்கு 15 நொடி. முதல் ஃப்ரேமிலிருந்தே தொடங்குங்கள். எழுத்தைத் திரையின் அடியில் வைத்தால் அங்கே வரும் கணக்குப் பெயரும் கேப்ஷனும் மறைத்துவிடும், வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்கள் நிற்கும். ஆகவே நடுவுக்குக் கொஞ்சம் மேலே, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வையுங்கள். வெயில் நேரத்தில் கடற்கரைச் சாலையில் எடுத்த வெளிறிய வானத்தின் மேல் வெறும் வெள்ளை எழுத்து படிக்கவே முடியாது.

இன்ஸ்டாகிராமின் சொந்த முத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவிடும் கடைசித் திரையில் கூடுதல் அமைப்புகளுக்குள் "Add paid partnership label" இருக்கும். அதை இயக்கி, கடையின் கணக்கைப் பங்காளராகச் சேர்த்தால் உங்கள் பெயருக்குக் கீழே "Paid partnership" என்று வரும். ஆனால் அது சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் தெரியக்கூடும், அதனால் நீங்கள் எழுதும் தமிழ் வரிக்கு அது மாற்று ஆகாது. அதே வீடியோவை யூடியூபிலும் போட்டால் அங்கேயும் கட்டண விளம்பரம் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். யூடியூப் காட்டும் அறிவிப்பு தொடக்கத்தில் 10 நொடிதான் நிற்கும். உங்களுக்குத் தேவை 15. வீடியோ மேல் நீங்களே எழுதியதுதான் அந்தக் குறையை நிரப்பும்.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. விளம்பரம் என்று சொல்லிவிட்டால் பொய்க்கு அனுமதி கிடைத்துவிடாது. கடைக்காரர் "5,000 எம்.ஏ.எச் போனை ரெண்டு தடவை ஃபுல் சார்ஜ் பண்ணும்னு சொல்லுங்க" என்பார். பெட்டியின் பின்பக்கம் "Rated capacity" என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு, அதாவது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது ஒரு பகுதி சூடாகப் போய்விடும். வெளியே கிடைப்பது சுமார் 6,000 எம்.ஏ.எச், 30 வாட்-மணி என்று வையுங்கள். அந்த 5,000 எம்.ஏ.எச் போன் பேட்டரி நிரம்பச் சுமார் 19 வாட்-மணி வேண்டும். கணக்குப் போட்டால் ஒன்றரை தடவைதான் வரும். கேப்ஷனில் "ஒன்றரை தடவை" என்றே எழுதுங்கள், முடிந்தால் நீங்களே சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓர் ஆண்டு வரை பரிந்துரைக்கவே தடையும் போடலாம். சொன்னது உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்தவருக்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. இது மத்தியச் சட்டம், நீங்கள் கடலூர், கடை புதுச்சேரி என்பதால் எதுவும் மாறாது.

கடைக்காரர் "விளம்பரம்னு போட்டா ரீச் போயிடும், எடுத்துடுங்க" என்று கேட்க வாய்ப்பு அதிகம். பணம் வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "அண்ணா, கேப்ஷன் முதல் வரியிலயும் வீடியோ மேலயும் விளம்பரம்னு போடுவேன், பின்னாடி எடுக்க மாட்டேன். சரின்னா ஷூட் வெச்சுக்கலாம்." அவர் "சரி" என்று பதில் போட்ட அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்ட ரீல் என்றால், கேப்ஷனை எடிட் செய்து முதல் வரியைச் சேர்க்கலாம். வீடியோ மேல் எழுத்து இல்லாமல் போயிருந்தால் அதை எடிட்டில் சேர்க்க வழியில்லை. ரீலை எடுத்துவிட்டு, எழுத்தோடு மறுபடி பதிவேற்றுங்கள். வியூஸ் போகுமே என்று கமெண்டில் "இது விளம்பரம்" என்று பின் செய்து வைக்காதீர்கள், கமெண்டைத் திறக்காதவருக்கு அது தெரியவே தெரியாது.