ஸ்டார்லிங்க் போன்ற இணையச் சேவைக்கு ஏன் இத்தனை செயற்கைக்கோள்கள்? அவற்றில் தாமதம் குறைவது எதனால்?

தாழ்வட்டப் பாதைத் தொகுதி என்பது, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று இணைப்பைத் தொடரும் செயற்கைக்கோள்களின் கூட்டமாகும்.

பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால், நம் கோரிக்கை மேலேறித் தரைநிலையத்துக்கு இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்புவதற்குள், ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ 480 மில்லிநொடி கழிந்துவிடும். எத்தனை நல்ல கருவி வாங்கினாலும் இது குறையாது. ஸ்டார்லிங்கின் 550 கி.மீ. உயரத்திலோ, செயற்கைக்கோள் நேர்மேலே இருந்தால், அதே பயணத்துக்கு 8 மில்லிநொடிகூட ஆகாது.

ஆனால் தாழ்ந்த செயற்கைக்கோளுக்குத் தெரியும் நிலப்பரப்பு சிறியது. பேருந்து நிலையத்தின் உயர்கோபுர விளக்கு ஒன்று தரும் வெளிச்சத்துக்குத் தெருவிளக்குகள் பல தேவைப்படுவதைப் போன்றது இது. போதாக்குறைக்கு, சுமார் 95 நிமிடத்தில் உலகைச் சுற்றிவிடும் அச்செயற்கைக்கோள், நம் வானில் சில நிமிடங்களே தென்படும்.

எண்ணிக்கை கூடுவதால் தாமதம் குறைகிறது என்று பலர் எண்ணுகின்றனர். குறைப்பது உயரமே, எண்ணிக்கை இணைப்பு அறாமல் காப்பதற்குத்தான்.