சாம்பிள் பையை எடை போட்டு வையுங்கள்

கேள்வி: தை மாதக் கல்யாணத்துக்கு 600 தாம்பூலப் பை பெயர் அச்சடித்து ஆன்லைனில் வாங்க நினைக்கிறோம். வீடு சென்னையில். ஒவ்வொருவரும் ஒரு விலை சொல்கிறார்கள். சாம்பிள் பார்த்தால் போதுமா? எத்தனை நாள் முன்னால் ஆர்டர் கொடுக்க வேண்டும்?

போன வருடம் என் தங்கை கல்யாணத்துக்கு நான் வாங்கியதும் இதே 600 பைதான். மண்டபம் மேற்கு மாம்பலம், முகூர்த்தம் ஜனவரி கடைசி வாரம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பெரியப்பா மகள் கல்யாணத்தில் பை வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தபோது ஒரு தப்பு நடந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது ஆன்லைனில் பார்த்த ஒரு விற்பனையாளர் சாம்பிள் அனுப்பினார். நல்ல கனமான துணி, இறுக்கமான தையல். முழுப் பணமும் கட்டிவிட்டோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூட்டை வந்தது. நிறமும் அச்சும் அதேதான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மண்டப வாசலில் ஒரு மாமி பையை வாங்கித் திரும்பியதும் கைப்பிடி பிய்ந்து தேங்காய் படியில் உருண்டது. அன்று அப்படி முப்பது நாற்பது பையாவது போயிருக்கும். சாம்பிளுக்கு ஒரு துணி, மொத்தத்துக்கு வேறு மெல்லிய துணி.

இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், தராசு சுலபமாகப் பிரித்துவிடும். துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. தங்கை கல்யாணத்துக்கு நாங்கள் கேட்டது 140 ஜிஎஸ்எம் காட்டன், 9க்கு 11 அங்குலம், பக்கவாட்டில் 3 அங்குல மடிப்பு. சாம்பிள் வந்ததும் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தேன், 36 கிராம். அதே அளவில் 110 ஜிஎஸ்எம் துணியில் தைத்தால் ஏறக்குறைய 29 கிராம்தான் வரும். ஆக 600 பை 21 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 17, 18 கிலோ என்றால் துணி மாறியிருக்கிறது, இல்லை எண்ணிக்கை குறைகிறது.

இதை ஆர்டர் கொடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: பாதிப் பணம் முன்பணம், மீதி மூட்டையைத் தராசில் வைத்துப் படம் அனுப்பிய பிறகு. திருப்பூர்க்காரர் ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர் "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்றார், அவரை அங்கேயே விட்டுவிட்டேன். லாரியில் வந்தால் எல்.ஆர். ரசீதிலும் எடை எழுதியிருப்பார்கள், அதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சாம்பிளைக் கையில் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். குடுமியோடு ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், நீங்கள் கொடுக்கப்போகும் எவர்சில்வர் டப்பா, எல்லாம் போட்டு ஓர் ஆணியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் கைப்பிடி பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சதுரம் போட்டு நடுவே குறுக்குத் தையல் இருந்தால் தாங்கும், ஒற்றைத் தையல் என்றால் நூல் இழுபடத் தொடங்கியிருக்கும். அச்சை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது.

விலைக்கு வருகிறேன். எனக்கு ஒருவர் பைக்கு 29 ரூபாய் சொன்னார், திருப்பூர்க்காரர் 37. கேட்டவுடன் எல்லாரும் 29 பக்கம்தான் சாய்ந்தார்கள். ஆனால் 29 வெறும் பைக்கு. 600 பைக்கு 17,400. இரண்டு வண்ண அச்சுக்கு ஸ்கிரீன் ஒன்றுக்கு 800 வீதம் 1,600. அச்சுக்கூலி வண்ணத்துக்கு 2 ரூபாய், அது 2,400. அதன் மேல் ஜிஎஸ்டி 1,070, லாரி வாடகை 900. கூட்டினால் 23,370, அதாவது பைக்கு 39 ரூபாய். 37 சொன்னவர் அச்சு, ஜிஎஸ்டி, வீட்டு வாசல் டெலிவரி எல்லாம் சேர்த்துச் சொல்லியிருந்தார், மொத்தம் 22,200. அதனால் எல்லாரிடமும் "600 பை, இரண்டு வண்ணம், என் வீட்டு வாசலுக்கு, எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். வாசல் என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் பார்சல் ஆபீஸ் குடோன் வரைதான் வரும், அங்கிருந்து ஆட்டோவும் சுமைகூலியும் உங்கள் கணக்கு. முன்பணம் கட்டும் முன் அவருடைய ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் போட்டுப் பாருங்கள். பில்லில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நாள் கணக்கில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "12 நாளில் தருகிறோம்" என்றால் பணம் கட்டிய நாளிலிருந்து 12 நாள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் எண்ணுவது டிசைனுக்கு நாம் ஓகே சொன்ன நாளிலிருந்து, அதுவும் வேலை நாள். எங்களுக்கு டிசைனிலேயே ஒரு வாரம் போயிற்று. தமிழில் டைப் செய்து அனுப்பிய வாசகம் அவர்கள் கோரல் டிராவில் உடைந்துவிட்டது. 'திருநிறைச்செல்வி'யில் 'செ'யின் கொம்பு, 'ச'வுக்குப் பின்னால் போய் நின்றது. அவர்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை, அம்மாதான் படத்தைப் பெரிதாக்கிக் கண்டுபிடித்தார். பத்திரிகை அடித்த அச்சகத்திலேயே எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் இல்லாமலே உடையாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் வாங்கி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அச்சு தொடங்கியதும் முதல் பையின் படத்தைக் கேளுங்கள். மஞ்சள் துணியில் மெரூன் மை சில சமயம் பழுப்பாகத் தெரியும், அப்போதே சொன்னால் மாற்றிவிடுவார்கள்.

தைக் கல்யாணத்துக்கு இன்னொரு சிக்கல். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் தை ஆர்டர் எல்லாம் மார்கழியில் குவியும். பொங்கலுக்குத் தையல் ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வந்து வேலை சூடுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், பார்சல் ஆபீஸிலும் மூட்டை தேங்கும். அதனால் முகூர்த்த நாளை மறந்துவிட்டு, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பை வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். நாங்கள் நவம்பர் கடைசியில் மூன்று பேரிடம் சாம்பிள் வாங்கினோம், டிசம்பர் 12இல் டிசைனுக்கு ஓகே சொன்னோம், ஜனவரி 2ஆம் தேதி மூட்டை வந்தது. 29 ரூபாய்க்காரர் கேட்டது டிசைனுக்குப் பிறகு 20 வேலை நாள். அது பொங்கலில் போய் இடித்திருக்கும்.

அப்புறம், விலை குறைவு என்று நான்-ஓவன் பை காட்டுவார்கள், பார்க்கத் துணி மாதிரியே இருக்கும். அது பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் அந்தப் பையும் சேர்க்கப்பட்டது.

இதையெல்லாம் செய்தும் மூட்டை வராமல் போனால், பாரிமுனை பந்தர் தெருவில் பெயர் அச்சடிக்காத மஞ்சப்பை ஒரே நாளில் கிடைக்கும். எங்கள் 600 பையும் நல்லபடியாக வந்துவிட்டதால் நான் போக வேண்டியிருக்கவில்லை, ஆனால் கடை போன் நம்பரை டிசம்பரிலேயே வாங்கி வைத்திருந்தேன்.