பாசிடிவ் காட்டிய மெனோபாஸ் கிட்டும், பத்து ஆண்டு முடிந்த காப்பர்-டியும்

கேள்வி: எனக்கு 46 வயது. ஓராண்டாகவே மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. கடைசியாக வந்து மூன்று மாதம் ஆகிறது. இணையத்தில் ‘மெனோபாஸ் பரிசோதனை கிட்’ வாங்கிப் பார்த்தேன், பாசிடிவ் என்று காட்டியது. 36 வயதில் போட்ட காப்பர்-டிக்குச் சென்ற மாதத்தோடு பத்து ஆண்டு முடிந்துவிட்டது. இதை எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா? மருந்துக் கடையில் மெனோபாஸுக்கான ஹார்மோன் மாத்திரை வாங்கினால், கருத்தடைக்கும் அதுவே போதுமா?

பதில்: இரண்டுக்குமே வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் காப்பர்-டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, இன்றோ நாளையோ நீங்கள் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கர்ப்பப் பரிசோதனை அட்டை. மூன்று மாதம் மாதவிலக்கு வராததற்கு மெனோபாஸ் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதைப் போலவே கர்ப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம். காப்பர்-டி உள்ளே இருப்பது அந்த வாய்ப்பைப் பெரிதும் குறைக்கிறதே தவிர, முற்றிலும் நீக்கிவிடுவதில்லை. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் சோதியுங்கள். இல்லை என்று வந்தால், மூன்று வாரம் ஆணுறையுடன் இருந்துவிட்டு இன்னொரு முறை சோதியுங்கள். ஆம் என்று வந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். காப்பர்-டி இருக்கும்போது கரு தரித்தால் அது கருப்பைக்கு வெளியே, கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஸ்கேன் எடுத்து இடத்தை உறுதிசெய்தாக வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கூடவே இருந்தாலும் நாளைவரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கிட்டைப் பற்றி. அது பார்ப்பது எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டையை வளர்க்கச் சொல்லிச் சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவு அது. சினைப்பை வயதாகிச் சோம்பும்போது அந்த உத்தரவு உரத்துப் போகிறது. இரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவு கூடுகிறது. கிட் இதைத்தான் கண்டுபிடிக்கிறது. உத்தரவு உரத்த குரலில் போகிறது என்பதை அதனால் சொல்ல முடியும். சினைப்பை இனி ஒருபோதும் அதற்குச் செவிசாய்க்காது என்று சொல்ல அதனால் முடியாது. நாற்பதுகளின் நடுவில் இந்த அளவு ஒரு வாரம் ஏறி, அடுத்த மாதம் இறங்கி, பிறகு மறுபடியும் ஏறும். உயர்ந்த அளவு காட்டிய சில வாரங்களிலேயே ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவருவதும் உண்டு. எனவே உங்கள் கிட் பழுதானது அல்ல. அதனிடம் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அதனிடம் இல்லை என்பதே பொருத்தமான விளக்கம். ஆய்வகங்கள் ‘மெனோபாஸ் பேக்கேஜ்’ என்று விற்கும் இரத்தப் பரிசோதனைகளுக்கும், அவற்றில் சேர்த்துவிடும், சினைப்பையில் மீதமுள்ள கருமுட்டைகளை மதிப்பிடும் ஏ.எம்.எச். சோதனைக்கும் இதே குறை உண்டு. உங்கள் வயதில் கருத்தடையை நிறுத்தலாமா என்று அறிவதற்காக மட்டும் அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டு பட்டைகளும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்து குழப்புகின்றன. மெனோபாஸ் பட்டையில் பொதுவாகச் சோதனைக் கோடு, ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கு அடர்த்தியாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருந்தால்தான் பாசிடிவ். கர்ப்பப் பட்டையில், அட்டையில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்குள் மிக மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் பாசிடிவ்தான். முதலாவதைப் படித்துப் பழகிய கண், இரண்டாவதிலுள்ள மங்கல் கோட்டை ‘இல்லை’ என்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு.

மாதவிலக்கு தாறுமாறாக வரும் காலத்தில் கருத்தடை தேவைப்படுவதன் காரணம், கருமுட்டை வெளிவருவது மாதவிலக்குக்குப் பின்னால் அல்ல, அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் என்பதுதான். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு ஜூன் 10 அன்று மாதவிலக்கு வந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வரவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்துக் கணவன் மனைவி இருவரும் ஆணுறையைக் கைவிட்டார்கள். செப்டம்பர் 5 அன்று, யாருக்கும் தெரியாமல் ஒரு கருமுட்டை வெளிவந்தது. உறவு இல்லாதிருந்தால் செப்டம்பர் 19 வாக்கில் மாதவிலக்கு வந்து, ‘இன்னும் முடியவில்லை’ என்று எச்சரித்திருக்கும். செப்டம்பர் 3 அன்று உறவு இருந்தது, விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், கரு தரித்துவிட்டது. செப்டம்பரிலும் மாதவிலக்கு வரவில்லை. ஏற்கெனவே இரண்டு மாதம் வராமல் இருந்ததால் மூன்றாவது மாதம் யாருக்கும் சந்தேகத்தை எழுப்பவில்லை. குமட்டல், களைப்பு, மார்பில் வலி ஆகிய எல்லாமே மெனோபாஸின் கணக்கில் எழுதப்பட்டன. டிசம்பர் 15 அன்று ஸ்கேன் எடுத்தால், மருத்துவர்கள் கணக்கிடும் முறைப்படி அது பதினாறு வாரக் கர்ப்பம்.

இந்தத் தாமதம் சட்டத்திலும் உடலிலும் எதிரொலிக்கிறது. இந்தியாவில் மாத்திரை மூலமான கருக்கலைப்பு ஒன்பது வாரத்துக்குள்தான். அதையும் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தை, ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் இருபது வாரம் வரை கலைக்க அனுமதிக்கிறது. ஆனால் பதினாறு வாரத்தில் அது மருத்துவமனையில் செய்ய வேண்டிய பெரிய வேலையாகிவிடும். கர்ப்பத்தைத் தொடர்வது என்று முடிவு செய்தாலும், இந்த வயதில் கருச்சிதைவு, இரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, குழந்தைக்கு டவுன் குறைபாடு ஆகியவற்றின் வாய்ப்பு இளவயதைவிடத் தெளிவாகக் கூடுதல். 45 வயதுக்கு மேல் கரு தரிக்கும் வாய்ப்பு குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் எப்போதுதான் நிறுத்தலாம்? ஹார்மோன் இல்லாத கருத்தடை முறையில் இருப்பவருக்கு நாட்காட்டியே போதும். பிரிட்டனின் இனப்பெருக்க நல மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு எளிமையானது: கடைசி மாதவிலக்கு 50 வயதுக்கு முன் வந்திருந்தால் அதற்குப் பிறகு இரண்டு முழு ஆண்டுகள், 50 வயதுக்குப் பின் வந்திருந்தால் ஓர் ஆண்டு. 55 வயதில் பெரும்பாலும் எல்லோரும் நிறுத்திவிடலாம். மூன்று மாதத்துக்கு முன் வந்ததே உங்களுடைய கடைசி மாதவிலக்காக இருக்கும் பட்சத்தில்கூட, ஏறக்குறைய இன்னும் இருபத்தொரு மாதம் பாக்கி உண்டு. இடையில் ஒருமுறை வந்துவிட்டால் எண்ணிக்கை சுழியத்திலிருந்து மறுபடியும் தொடங்கும்.

இந்த எண்ணிக்கையைக் கெடுக்கும் பொருள் ஒன்று மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ‘மாதவிலக்கு வரவழைக்கும் மாத்திரை’ என்று கேட்டு வாங்குகிறார்கள். அதை விழுங்கி நிறுத்தியதும் சில நாட்களில் இரத்தப்போக்கு வரும். அது மருந்து நின்றதன் விளைவு, சினைப்பையின் வேலை அல்ல. அதைக் கடைசி மாதவிலக்கு என்று குறித்துக்கொண்டாலும் தவறு, அது வராததை வைத்து முடிவு செய்தாலும் தவறு. அதைவிட முக்கியமாக, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமல் விழுங்குவது நல்லதல்ல.

உங்கள் இரண்டாம் கேள்வியிலுள்ள மெனோபாஸ் ஹார்மோன் மாத்திரைக்கும் இதே பாணியிலான எச்சரிக்கை உண்டு. உடல் சூடேறுவதையும் இரவு வியர்வையையும் தணிக்கத் தரப்படும் அந்த மாத்திரையின் அளவு, கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கப் போதாது. எனவே அது கருத்தடை ஆகாது. மருத்துவர் அதை எழுதித் தந்தாலும் கருத்தடை தனியாகத் தொடர வேண்டும். வழக்கமான கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம் உள்ள 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆபத்து தரலாம் என்பதால், கடைக்காரரைக் கேட்டு அதைத் தொடங்காதீர்கள். அரசு நிலையங்களில் தரப்படும் ‘சாயா’ கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் அது மாதவிலக்கைத் தள்ளிப்போடும் இயல்புடையது, ஏற்கெனவே ஒழுங்கற்று வருபவருக்கு எது மருந்தால், எது வயதால் என்று புரியாமல் போகும்.

காப்பர்-டி விஷயத்துக்கு வருவோம். 40 வயதிலோ அதற்குப் பிறகோ போட்ட காப்பர்-டியை, அட்டையிலுள்ள ஆண்டுக்கணக்கு முடிந்தாலும் மாதவிலக்கு நின்று மேற்சொன்ன காலம் முடியும்வரை விட்டுவைக்கலாம் என்பது அதே பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டுதல். உங்களுடையது 36 வயதில் போட்டது, ஆகவே உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும், பழையதை எடுக்கும் அதே அமர்வில் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். 46 வயதில் போடுவது உங்களுக்கு அநேகமாகக் கடைசிக் காப்பர்-டியாக இருக்கும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. இரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் காப்பர்-டி அதைக் கூட்டும். அப்படியெனில் ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது விலை கூடியது, ஆனால் போக்கைக் குறைக்கும். 45 வயதுக்கு மேல் போட்டால் 55 வரை கருத்தடைக்கு நம்பலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். புதியது எதுவும் போடாமல் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், எடுப்பதற்கு முந்தைய ஏழு நாள் உறவைத் தவிருங்கள் அல்லது ஆணுறை பயன்படுத்துங்கள். எல்லாம் முடிந்த பிறகு காப்பர்-டியை உள்ளேயே மறந்துவிடாமல் எடுத்துவிட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை.

கிட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ‘பாசிடிவ்’ வந்ததற்காகப் பணம் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அட்டையிலோ விற்பனைப் பக்கத்திலோ ‘இனி கருத்தடை தேவையில்லை’ என்ற பொருளில் ஏதேனும் எழுதியிருந்தால், அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் செய்யலாம். பெட்டியையும் பில்லையும் எறியாமல், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.