டாலர் ஏறும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, வெளிநாட்டில் வேலை செய்கிறேன். மாதம் 1,000 டாலர் மிச்சமாகிறது. இப்போது டாலர் 100 ரூபாய். 103 ஆகட்டும் என்று ஐந்து மாதமாக அனுப்பாமல் 5,000 டாலர் சேர்த்துவிட்டேன். அதற்குள் வீட்டு வேலை நிற்கக் கூடாது என்று மைத்துனர் என் பொறுப்பில் 3 லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கிவிட்டார். நான்கு மாதத்தில் கட்டடக்காரருக்குக் கடைசித் தவணை 4 லட்சம் தர வேண்டும். நாணய வர்த்தகச் செயலியில் பணம் போட்டால் விலை ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கலாம் என்கிறார் நண்பர். எந்த நாளில் மாற்றுவது நல்லது?

பதில்: கடனை அடைக்கும் 3,000 டாலரை இந்த வாரமே மாற்றுங்கள். இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். இன்னும் மூன்று மாதம் காத்திருந்தால் 18,000 ரூபாய் போகும். நீங்கள் நினைத்தபடியே டாலர் 103-ஐத் தொட்டாலும் அந்த 3,000 டாலரில் கிடைப்பது 9,000 ரூபாய். அதாவது உங்கள் கணிப்பு பலித்தாலும் 9,000 நஷ்டம். காத்திருப்பது கட்டுப்படியாக வேண்டுமானால் டாலர் மாதத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் ஏற வேண்டும். மூன்றாம் மாத முடிவில் 106. மைத்துனர் மீது வருத்தப்படாதீர்கள். பணம் வராததால்தான் அவர் வட்டிக்குப் போனார். ஆனால் இனி உங்களைக் கேட்காமல் உங்கள் பொறுப்பில் கடன் வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

நாளைத் தேடும் நேரத்தில் அனுப்பும் இடத்தைத் தேடியிருந்தால் நிச்சயமான லாபம் கிடைத்திருக்கும். செய்தியில் வரும் 100 ரூபாய் என்பது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள சந்தை விலை. அந்த விலை உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது. ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம் 98.60 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 டாலருக்கு 98,600 ரூபாய். இன்னொன்று 5 டாலர் கட்டணம் பிடித்துக்கொண்டு 99.60 தருகிறது. மீதி 995 டாலருக்கு 99,102 ரூபாய். கட்டணம் கேட்டவர்தான் 500 ரூபாய் மலிவு! அனுப்புவது 200 டாலர் என்றால் கணக்கு தலைகீழாகும். அப்போது கட்டணமில்லாதவரே மேல். இந்த இருவருக்கும் இடையில் எல்லைக்கோடு ஏறத்தாழ 500 டாலர். ஆகவே விகிதத்தையும் கட்டணத்தையும் தனித்தனியே விசாரிக்காதீர்கள். ‘என் கணக்கிலிருந்து மொத்தம் 1,000 டாலர் எடுத்தால், ஊர்க் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?’ என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களில், ஒரே நேரத்தில் கேளுங்கள். சொன்ன விகிதம் உறுதியானதா, பணம் போய்ச் சேரும் நாளில் மாறுமா என்பதையும் கேளுங்கள். சனி, ஞாயிறுகளில் சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை எங்கே திறக்குமோ என்று சில நிறுவனங்கள் சந்தை விலைக்கும் தாங்கள் தரும் விலைக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கிவிடும். அவசரமில்லையென்றால் வார நாளில் அனுப்புங்கள்.

அடுத்தது கடைசித் தவணை. இங்கே விலை இறங்குமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. இதற்குப் பெரிய நிறுவனங்கள் முன்பேர ஒப்பந்தம் போடும். நான்கு மாதம் கழித்து இன்ன விலைக்கு இத்தனை டாலர் தருகிறேன் என்று இன்றே எழுதிக்கொள்வது அது. அந்த விலை வங்கியின் ஜோசியம் அன்று. இரு நாட்டு வட்டிகளின் வித்தியாசத்திலிருந்து வருவது. ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிட ஆண்டுக்கு 3 சதவீதம் கூடுதல் என்றால், நான்கு மாத விலை ஏறத்தாழ 101 ரூபாயாக இருக்கும். மாதத்துக்கு 25 காசு. நீங்கள் கட்டும் இரண்டு வட்டிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். மேலும், இடையில் வேலை போனாலும் சொன்ன நாளில் டாலரைக் கொடுத்தாக வேண்டும். விலை 105 ஆனாலும் உங்களுக்கு 101தான்.

உங்கள் தொகைக்கு அந்த ஏற்பாடு வேண்டியதில்லை. கடன் போக மீதி 2,000 டாலரையும் இப்போதே மாற்றி, உங்கள் பெயரிலேயே ஊரில் குறுகிய கால வைப்பில் போடுங்கள். பாதித் தவணை உறுதியாகிவிடும். மீதிப் பாதிக்கு மாதாமாதம் சம்பளம் வந்ததும் 500 டாலர் அனுப்புங்கள். 500 என்பது எல்லைக்கோட்டுத் தொகை என்பதால் ஒவ்வொரு முறையும் கையில் வரும் ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள். டாலர் 95-க்கு விழுந்தாலும் அந்தப் பாதியில் 10,000 ரூபாய்தான் குறையும். நீங்கள் மிச்சம் வைத்திருக்கும் மற்ற 500 டாலரிலிருந்து அதை ஈடுகட்டலாம்.

நண்பர் சொல்லும் செயலியில் கடன் பலத்தில் வர்த்தகம் நடக்கிறது. போட்ட தொகையைப்போல் 50 மடங்குக்குப் பந்தயம் வைத்தால், விலை 2 சதவீதம் எதிராக நகர்ந்ததும் போட்டது முழுவதும் போய்விடும். உங்களிடம் ஏற்கெனவே டாலர் இருக்கிறது. அது விழுந்தால் உங்களுக்கு நஷ்டம். டாலர் ஏறும் என்று அதன் மேல் இன்னொரு பந்தயமும் கட்டினால் நஷ்டம் இரட்டிக்கும். அந்தச் செயலியில் இதுவரை பணம் போட்டிருந்தால் திரும்ப எடுத்து, அதையும் கடனில் கட்டுங்கள்.