பெயர் போடாவிட்டால் போதுமா?

கேள்வி: கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஒரு பள்ளியில் கவுன்சிலராக இருந்தேன். இப்போது சொந்தமாக ஆலோசனை மையம் தொடங்குகிறேன். நோட்டீஸிலும் வாட்ஸாப்பிலும் போட என்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். அதில், "எருத்தேம்பதியில் கள் இறக்கும் குடும்பத்துப் பெண். எட்டாம் வகுப்பில் உறவினரால் பாதிக்கப்பட்டுப் படிப்பை நிறுத்தினாள். என்னிடம் வந்து மீண்டாள். இன்று பொள்ளாச்சியில் நர்சிங் படிக்கிறாள்" என்று ஒரு பத்தி வருகிறது. பெயர் போடவில்லை, அம்மாவும் சரி என்றார். "மனநல நிபுணர்", "100% ரகசியம் காக்கப்படும்" என்றும் போட்டிருக்கிறேன். சிக்கல் வருமா?

பதில்: வரும். முதலில் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், இவை தவிர அடையாளம் காட்டக்கூடிய வேறெந்தத் தகவலும் ஊடகத்தில் வரக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "நோட்டீஸ் ஊடகமா?" என்று நீங்கள் வாதாடலாம்தான். ஆனால் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை போடும் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவு, பத்திரிகைகளைச் சொல்லிவிட்டு "பிற தகவல் தொடர்பு வடிவங்கள்" என்றும் சேர்த்திருக்கிறது. வாட்ஸாப் அதில் அடங்காது என்று எந்த நீதிமன்றத்திலும் நான் துணிந்து சொல்ல மாட்டேன்.

உங்கள் பத்தியை எருத்தேம்பதிக்காரர் ஒருவர் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கள் இறக்கும் வீடுகள் அவருக்குத் தெரியும். அதில் எட்டாவதோடு நின்ற பெண், அப்புறம் எல்லை தாண்டி நர்சிங் போனவள் என்றால் எத்தனை பேர் தேறுவார்கள்? ஒருத்திதான். யார் என்று தெரிந்ததோடு நிற்காது, "உறவினரால்" என்ற ஒரு சொல்லால் அந்த வீட்டு ஆண்கள் அத்தனை பேர் மேலும் சந்தேகம் விழும். நிபுண் சக்சேனா வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், தொலைவிலிருந்துகூட அடையாளம் காண உதவும் எதையும் வெளியிடக்கூடாது என்று சொன்னது இதைத்தான்.

அம்மாவின் சம்மதம் இங்கே உதவாது. போக்சோவில் அனுமதி தரும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமே, அதுவும் குழந்தையின் நலனுக்காக என்றால். உங்கள் மையத்துக்கு ஆள் சேர்ப்பது அந்த நலனில் வராது. பெண்ணுக்கு இப்போது பதினெட்டு தாண்டியிருந்தாலும், விளம்பரத்துக்காக அவளிடம் கையெழுத்து கேட்காதீர்கள். உதவி பெற்றவர்களுக்கு உங்களிடம் "முடியாது" என்று சொல்ல வாய் வராது.

அடுத்தது அந்த "100%". இது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. நாளைக்கே ஒரு சிறுவன் வந்து, தனக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று சொன்னால், போக்சோ 19-வது பிரிவின்படி நீங்கள் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் நீங்களே குற்றவாளி. நீதிமன்றம் சாட்சிக்கு அழைத்தாலும், வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு இருக்கும் பாதுகாப்பு கவுன்சிலருக்கு இல்லை. நோட்டீஸை நம்பி வாய் திறந்தவர் அதையே எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் என்ன சொல்வீர்கள்?

"மனநல நிபுணர்" என்பதும் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, யாரை அப்படிச் சொல்லலாம் என்று வரையறுத்திருக்கிறது. மனநல சமூகப் பணியாளர் என்பதற்கே எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் அந்தத் துறையில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். கேட்கிறது. இருப்பதைப் போடுங்கள், அதுவே போதுமான தகுதி.

இப்படி எழுதலாம்:

"எம்.எஸ்.டபிள்யூ. (பல்கலைக்கழகம், ஆண்டு). பள்ளி மாணவர்களுடனும் பெற்றோருடனும் ஆலோசகராகப் பணியாற்றிய அனுபவம் உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். முதல் சந்திப்பில் உங்கள் பிரச்சினையைக் கேட்பேன். எத்தனை முறை சந்திப்பது என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம். மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். நீங்கள் சொல்வதை வெளியில் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை, நீதிமன்ற உத்தரவு, இந்த மூன்றும் விதிவிலக்கு. முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்."

உங்கள் அணுகுமுறை என்ன என்பது இதிலேயே தெரிகிறது, கதை தேவைப்படவில்லை. வேலை பார்த்த பள்ளியின் பெயரையும் நான் போட மாட்டேன். அது தெரிந்தால் அங்கே உங்களிடம் வந்த பிள்ளைகளைத் தேடத் தொடங்குவார்கள்.

பழைய பத்தி ஏற்கெனவே ஏதாவது குரூப்பில் போயிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள், மற்றவர்கள் அனுப்பியதையும் நீக்கச் சொல்லுங்கள். மலையாள நோட்டீஸை அச்சகத்துக்காரரே மொழிபெயர்த்துக் கொடுப்பதாக இருந்தால் புரூஃப் பார்க்காமல் விடாதீர்கள். எடுப்பாக இருக்கட்டும் என்று அவர் "சைக்காலஜிஸ்ட்" என்று போட்டுவிட்டால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.