gm/ID முறையில் மாஸ்ஃபெட் அளவு: கேள்வி பதில்

"1 பிக்கோஃபாரட் சுமை, யூனிட்டி கெயின் 10 மெகாஹெர்ட்ஸில் வேண்டும். ஓவர்டிரைவ் 200 மில்லிவோல்ட் என்று வைத்து ஸ்கொயர் லா போட்டேன், கரண்ட் அதிகமாக வருகிறது. W-ஐ எப்படித் தீர்மானிப்பது?"

ஓவர்டிரைவை விட்டுவிட்டு gm-இலிருந்து தொடங்குங்கள். சுமையும் வேகமும் தெரிந்தால் gm தானாக வந்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது gm/ID ஒன்றைத்தான். 20 என்று வைத்துப் பார்ப்போம்:

```
gm = 2π × 10 MHz × 1 pF = 62.8 µS
ID = 62.8 / 20          = 3.14 µA
W  = 3.14 / 0.72        = 4.4 µm
```

0.72 என்பது ID/W, மைக்ரோமீட்டருக்கு இத்தனை மைக்ரோஆம்ப். 180 நானோமீட்டர் ப்ராசஸில், 0.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு என்மாஸுக்கு எதிர்பார்க்கக்கூடிய மதிப்பு இது. உங்கள் ப்ராசஸில் வேறாக இருக்கும். அதனால் 10 மைக்ரோமீட்டர் அகல டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து, VDS-ஐ சப்ளையில் பாதியாக நிறுத்தி, VGS-ஐ ஸ்வீப் செய்யுங்கள். gm/ID-யையும் ID/W-யையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். அகலம் மிகக் குறுகாத வரை அந்த வளைவு W-ஐப் பொறுத்து மாறுவதே இல்லை. முறை நிற்பது அதன் மேல்தான். உங்கள் 200 மில்லிவோல்ட், ஸ்கொயர் லா கணக்கில் gm/ID 10. கரண்ட் இரட்டிப்பானது அதனால்தான்.

"அப்படியென்றால் 28 வைக்கலாமே? லோ பவர்தானே வேண்டும்?"

கரண்ட் குறையும், ஆனால் W எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அதே உதாரணத்தில் 20-லிருந்து 25-க்குப் போனால் கரண்ட் 3.14-லிருந்து 2.5 மைக்ரோஆம்ப் ஆகிறது, W 4.4-லிருந்து 11 மைக்ரோமீட்டர். அப்புறம் 28-க்குப் போனால் கரண்ட் 2.24 ஆகிறது, W 35! கடைசிப் படியில் மிச்சமானது கால் மைக்ரோஆம்ப்தான், அதற்கு அகலம் மூன்று மடங்கு.

அகலம் ஏறினால் கேட்-டிரெயின் கெபாசிட்டன்ஸும் ஏறும். மைக்ரோமீட்டருக்கு 0.3 ஃபெம்டோஃபாரட் என்று வைத்தால் 35 மைக்ரோமீட்டருக்கு 10.5. கெயின் 50 என்றால் மில்லர் விளைவில் இன்புட்டுக்கு அது 500-க்கு மேல் தெரியும். 4.4 மைக்ரோமீட்டரில் இதே கணக்கு 67 தான். முந்தைய நிலை அந்தச் சுமையை ஓட்டவும் கரண்ட் கேட்கும், மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இன்புட் ஜோடிக்கு 18 முதல் 22 வரை என்பது என் பழக்கம்.

"நான் கரண்ட் மிரர் உட்பட எல்லா டிரான்சிஸ்டருக்கும் 20 வைக்கிறேன். ஹெட்ரூமும் மிச்சமாகிறது."

ஹெட்ரூம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மிரரில் மட்டும் அது எதிராகத் திரும்பும். இரண்டு டிரான்சிஸ்டர்களின் திரெஷோல்ட் 2 மில்லிவோல்ட் விலகினால், கரண்ட் பிழை 2 மில்லிவோல்ட் × 20, அதாவது 4 சதவீதம். gm/ID 8 என்றால் அது 1.6 ஆகிவிடும். ஆக்டிவ் லோடின் தெர்மல் நாய்ஸும் இதே வழியில் குறையும், ஏனென்றால் இன்புட்டில் அது லோடின் gm-ஐ இன்புட் ஜோடியின் gm-ஆல் வகுத்த விகிதத்தில்தான் தெரிகிறது. விலையாக 250 மில்லிவோல்ட் அளவுக்கு ஹெட்ரூம் போகும். 1.8 வோல்ட் சப்ளையில் தாராளமாகக் கொடுக்கலாம். 0.6 வோல்ட் சப்ளை என்றால் நீங்கள் செய்வதைக் குறை சொல்ல மாட்டேன்.

"என்னிடம் 2N7000 இருக்கிறது. பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபையர். W எவ்வளவு என்று டேட்டாஷீட்டில் இல்லையே?"

உங்களுக்கு W தேவையில்லை, அதை மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பது ID மட்டும். டேட்டாஷீட்டில் உள்ள டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 200 மில்லிஆம்பில் எடுத்தது, அதை நூறு மைக்ரோஆம்புக்குப் பயன்படுத்தாதீர்கள். நீங்களே அளந்து பாருங்கள். கேட்டை 5 மில்லிவோல்ட் ஏற்றும்போது கரண்ட் 100-லிருந்து 112 மைக்ரோஆம்ப் ஆனால், வித்தியாசத்தை சராசரி 106-ஆலும் 5 மில்லிவோல்ட்டாலும் வகுங்கள். gm/ID 23-க்கு அருகில் வரும். இன்புட் கெபாசிட்டன்ஸ் 50 பிக்கோஃபாரட் வரை இருக்கலாம், சிக்னல் மூலத்தின் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக இருந்தால் வேகம் அங்கேயே அடிபடும்.

"வளைவை சிமுலேட்டரிலிருந்துதானே எடுக்கிறீர்கள். மாடரேட் இன்வர்ஷனில் மாடலை எவ்வளவு நம்பலாம்? gm பரவாயில்லை, எனக்கு gds-இல்தான் சந்தேகம்."

உங்கள் சந்தேகம் நியாயமானது. gm-க்கு ஒரு சோதனை உண்டு. 300 கெல்வினில் gm/ID 38.7-ஐத் தாண்டவே கூடாது, பல்க் சிமாஸில் உச்சம் 25 முதல் 30-க்குள் நிற்கும். நடுவில் மேடோ வெட்டோ இல்லாமல் வழவழப்பாக இறங்க வேண்டும். 85 டிகிரி செல்சியஸில் அந்த உச்சம் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் மாடல் சரியில்லை.

gds-க்கு இப்படி ஒரு எல்லை என்னிடம் இல்லை. கெயின் விளிம்பில் நின்றால் L-ஐ 1 மைக்ரோமீட்டர் ஆக்குவேன். அதே gm/ID-க்கு ID/W பாதியாகும், W சுமார் 8.7, கேட் பரப்பு நான்கு மடங்கு. அந்தப் பரப்பைக் கொடுப்பதா, சிலிக்கானில் அளந்து பார்க்கும் வரை காத்திருப்பதா என்பது ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக எடுக்க வேண்டிய முடிவு.